பின்னட்டையில் ஒரு வரி

நாங்கள் இருவர் சேர்ந்து மொழிபெயர்ப்பவர்கள். எங்களுள் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் செவித்திறன் குறைந்துகொண்டே வருகிறது. நூலின் பின்னட்டையில் எங்களைப் பற்றி இடம்பெறும் ஐந்தாறு வரிகளில் இதைச் சொல்வதா, விடுவதா என்பது ஒவ்வொரு முறையும் எங்களுக்குள் வழக்காகிவிடுகிறது. மூன்று நூல்களில் மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டோம்.

முதல் நூலுக்கான குறிப்பைப் பதிப்பகத்தாரே எழுதினார்கள். "செவித்திறன் குறைபாட்டால் பாதிக்கப்பட்டபோதிலும் தளராது இலக்கியப் பணியாற்றி வருபவர்" என்றிருந்தது. அன்பில் எழுதியதுதான், நாங்களும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் 'போதிலும்' செய்த வேலை மதிப்புரை வந்தபோதுதான் தெரிந்தது. உரையாடல்கள் செயற்கையாக ஒலிப்பதாகக் குறைகண்ட விமர்சகர், மொழிபெயர்ப்பாளரின் குறையை எண்ணி இதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு முடித்திருந்தார். அந்நூலின் உரையாடல்கள் முழுவதையும் மொழிபெயர்த்தவர், காது நன்றாகக் கேட்கும் மற்றவர். குற்றம் அவருடையது, மன்னிப்பு இவருக்குக் கிடைத்தது!

இரண்டாம் நூலில் ஒன்றும் சொல்லவில்லை. வெளியீட்டு விழாவில் அரங்கின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, மூலநூலின் வட்டார வழக்கை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டார். இவர் தலைப்பைத் தேர்ந்த கதையை ஐந்து நிமிடம் விரிவாகச் சொன்னார். அரங்கில் மெல்லிய சிரிப்பு. கேள்வியைத் தவிர்த்துவிட்டார் என்று பின்னர் யாரோ எழுதவும் செய்தார்கள்.

இவருடைய குறை எத்தகையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆடியோகிராமில் கோடு தாழ்சுருதிகளில் மேலே நின்று, உயர்சுருதிகளில் சரிந்து இறங்குகிறது. உயிரொலிகள் கேட்கும், ச, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். ஆகவே பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அமைதியான அறையில் எதிரே அமர்ந்து பேசினால் இடர் இல்லை. ஒலிபெருக்கி எதிரொலிக்கும் அரங்கில் காதுக் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. ஆக, 'காது கேளாதவர்' என்று போட்டால் அது பொய். தமிழக அரசு 2010-இல் 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாகக் கொண்டுவந்த 'மாற்றுத்திறனாளி' நல்ல சொல்தான். ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்ற கணக்கில் வருவார். இவருக்கு 55. சட்டத்தின் வாயிற்படிக்கு வெளியே நிற்பவர் அப்பெயரைச் சூடிக்கொள்ள இவருக்கே கூச்சம்.

மூன்றாம் நூலின்போது நீண்ட நேரம் வாதாடினோம். மறைப்பது கோழைத்தனம் என்றார் ஒருவர்; அச்சில் ஏறிய வரி அடுத்த பதிப்பு வரை அப்படியே இருக்கும், காது அப்படியே இருக்காதே என்றார் மற்றவர். முடிவில், எங்களைப் பற்றிய குறிப்பை இருவகை மனிதர்கள் வாசிக்கிறார்கள் என்பது பிடிபட்டது. நூலை வாங்குபவருக்கு மொழிபெயர்ப்பாளரின் காது எவ்விதத்திலும் வேண்டியதில்லை. விழா நடத்துபவருக்கோ அது ஒன்றுதான் வேண்டும். நாங்கள் பெற்ற பட்டங்கள் அவருக்கு எதற்கு?

எனவே பின்னட்டையிலிருந்து எடுத்துவிட்டோம். விழாவுக்கென எழுதிய குறிப்பின் இறுதியில் மட்டும் இவ்வாறு சேர்த்தோம்: "வலக்காதில் கருவி அணிபவர். கேள்விகளை எழுதித் தந்தால் முழுமையாக விடையளிப்பார்." முதல் வரைவில் 'தயவுசெய்து' என்றும், 'சற்றே செவித்திறன் குறைந்தவராதலால்' என்றும் இருந்தன. முன்னது கெஞ்சுவதுபோல் ஒலித்தது. பின்னது காரணம் சொல்லி வருந்துவதுபோல் இருந்தது. இரண்டையும் அடித்தோம். 'போதிலும்', 'இருந்தும்', 'வென்று' ஆகியவற்றுக்கு இடமே தரவில்லை. கருவி, தாள், விடை, அவ்வளவே.

தொகுப்பாளர்கள் கையில் கிடைத்ததை அப்படியே உரக்கப் படித்துவிடுவார்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அன்றும் அதுவே நடந்தது. இவர் முகம் சிவந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அரைமணிக்குள் பதினொரு துண்டுச்சீட்டுகள் மேடைக்கு வந்து சேர்ந்தன. எழுதிக் கேட்கும்போது மக்கள் சுருக்கமாகக் கேட்கிறார்கள். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவாற்றுவோர் அன்று வாய் திறக்கவில்லை. எங்களுள் காது கேட்பவர் இனித் தம் பெயருக்குக் கீழும் அந்த இரண்டாவது வரியைப் போடச் சொல்கிறார். அது முறையாகுமா என்பது எங்களுக்குள் இப்போதைய வழக்கு.