தகப்பன் வீட்டுப் பங்கு



மாமனாரின் நிலம் விற்கப்பட்டதில் என் துணைவியாரின் பங்காகப் 12 லட்சம் ரூபாய் ஒரே தொகையாக வந்து சேர்ந்தது. சுதந்தரமாக வரும் பணத்திற்கு நம் நாட்டில் வருமான வரி இல்லை; விற்பனை ஆதாயத்திற்கான வரியை அவருடைய சகோதரர்கள் முன்னதாகவே கணக்கிட்டுச் செலுத்தியிருந்தார்கள். முதலாவது தசமபாகத்தை எடுத்து வைத்தோம். அதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. பேச்சு எழுந்தது மீதியைப் பற்றித்தான்.

பரஸ்பர நிதியில் போடலாம் என்றேன் நான். அவரோ வீட்டுக்கடனை நினைத்தார். அசல் 14 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 12 ஆண்டுகள், மாதத் தவணை ஏறக்குறைய 15,930 ரூபாய். "பங்குச் சந்தை ஏறலாம், இறங்கலாம், இந்த 9 சதவீதம் மாத்திரம் மாதந்தோறும் தவறாமல் போகிறதே" என்றார். வைப்புநிதியில் 7 சதவீதம் வந்தாலும் அதற்கும் வரி உண்டு. கடனை அடைப்பதால் மிஞ்சும் 9 சதவீதத்திற்கோ வரி இல்லை, ஐயமும் இல்லை. எங்கள் மகள் கல்லூரியில் சேர இன்னும் நான்கு ஆண்டுகளே உள்ளன. அத்தனை குறுகிய காலத்திற்குச் சந்தையை நம்புவது சரியல்ல என்று நானும் உடன்பட்டேன்.

வங்கியில் ஓர் அலுவலர் கடனை விட்டுவிட்டு, ஒரே தவணைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை எடுக்கும்படி அன்பாக வற்புறுத்தினார். "மூன்றாம் ஆண்டில் திரும்பக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும்?" என்று இவர் கேட்டார். அத்தொகையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. இப்படிப்பட்ட திட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் இருந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

8 லட்சத்தைக் கடனில் செலுத்தினோம். மாறும் வட்டியிலுள்ள வீட்டுக்கடனை முன்னதாக அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கலாகாது. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அசல் குறைந்தபின், தவணையைக் குறைத்துக் காலத்தை அப்படியே விடலாம். அல்லது தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கலாம். முன்னதில் தவணை 6,830 ரூபாயாக இறங்கும். மனதிற்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மீதி 6 லட்சத்திற்கு 12 ஆண்டுகளில் 3,83,000 ரூபாய் வட்டி கட்டியாக வேண்டும். பின்னதில் வட்டி 1,08,000 ரூபாய்தான். கடனும் 45 மாதங்களில் முடிந்துவிடும். ஆகவே "தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுக்கொண்டோம்.

மீதி 2,80,000 ரூபாய் அவசரத் தேவைக்காக இரண்டு வைப்புநிதிகளாக இருக்கிறது. ஒன்றை முறிக்க நேர்ந்தாலும் மற்றது நிற்கும்.

மறுமாதம் திருத்திய தவணை அட்டவணையை வாங்கி, கடைசித் தவணையின் தேதியைத் துணைவியார் விரல் வைத்துப் பார்த்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கு முன்பே அது வருகிறது.