ஐந்து லட்சம் என்று சொன்ன காப்புறுதியில் உண்மையில் எவ்வளவு?



கொஞ்சம் நீளமான பதிவு. கம்பனிகளில் வேலை செய்யும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். காப்புறுதி ஆகுமா, ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையோடு சேர்ந்து வந்துவிட்ட பொலிசியை எப்படி வாசிப்பது என்பது மட்டும்தான் இங்கே. ஆசிரியர்களுக்கு உள்ள அக்ரஹார வேறு விஷயம், அதையும் இதோடு குழப்ப வேண்டாம்.

கொழும்பில் தனியார் கம்பனி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் போன ஜூன் மாதம் 34 பக்க ஆங்கில ஆவணம் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களில் ஒருவர் ஆங்கிலம் படிப்பிப்பவர், மற்றவர் கணிதம். அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல். தனியார் ஆஸ்பத்திரியில் ஜூலை முதல் வாரம் ஒப்பரேஷனுக்கு நாள் எடுத்திருந்தார்கள். செலவு 385,000 ரூபா என்று எழுத்திலும் கொடுத்திருந்தார்கள். "டீச்சர், அஞ்சு லட்சம் கவர் இருக்குதானே, ஒரு சதமும் கையால போகாதுதானே?" என்று கேட்டார். கம்பனியில் கொடுத்த ஒற்றைத் தாளில் அப்படித்தான் இருந்தது.

அந்தத் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆவணத்தின் சொல் விளக்கப் பகுதியில் இருந்துதான் தொடங்கினோம். 'கம்பனி' என்ற சொல் அங்கே தம்பியின் கம்பனியைக் குறிக்கவில்லை, காப்புறுதி நிறுவனத்தைக் குறிக்கிறது. தம்பியின் முதலாளிக்குப் பெயர் 'பொலிசிதாரர்'. தம்பியும் மனைவியும் 'காப்புறுதி பெற்ற நபர்கள்'. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பின்னால் வரும் ஒரு வரியில் இதுதான் பெரிய விஷயமாக வந்து நின்றது.

அடுத்து ஷெடியூல், அதாவது தொகைகள் உள்ள அட்டவணை. அதில் உள்ள ஒவ்வொரு தொகையையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் 'எதற்கு, யாருக்கு' என்று எழுதினோம். ஐந்து லட்சம் என்பது வருடத்துக்கு, முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதிகபட்சம் 300,000. அறைக்கு ஒரு நாளைக்கு 10,000. நிர்வாகக் கட்டணம், கூட நிற்பவரின் சாப்பாடு, அட்மிஷன் கிட் போன்றவை இல்லை என்று வேறொரு பக்கத்தில் இருந்தது.

கணித ஆசிரியர் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பிரித்தார். அறை மூன்று நாளைக்கு 54,000. சத்திரசிகிச்சை நிபுணருக்கும் மயக்க மருந்து வைத்தியருக்கும் 150,000. தியேட்டர் 95,000. மருந்தும் பரிசோதனைகளும் 74,000. மற்றவை 12,000. அறையில் 30,000 மட்டும்தான் கணக்கில் சேரும், மற்றவை என்ற 12,000 சேராது. ஆகவே தகுதியான செலவு 349,000. ஆனால் ஒரு முறைக்கான எல்லை 300,000 என்பதால் அதற்கு மேல் வராது. கையால் போவது 85,000. உச்சத்தைத் தொட்ட பிறகு அறை வாடகையில் குறையும் ஒவ்வொரு ரூபாவும் நேராகத் தம்பியின் பொக்கெட்டில்தான் மிஞ்சும். 10,000 ரூபா அறை எடுத்தால் மொத்தம் 361,000, கையால் போவது 61,000.

இது கிளைம் கிடைத்தால் உள்ள கணக்கு. கிடைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

14 ஆம் பக்கத்தில், விலக்குகளில், சேருவதற்கு முன்பே இருந்த நோய்களுக்குக் கொடுப்பனவு இல்லை என்று ஒரே வரியில் இருந்தது. முன்பே இருந்த நோய் என்றால் என்ன? மறுபடியும் சொல் விளக்கம்: கவர் தொடங்கும் முன் அறிகுறி தெரிந்த, அல்லது வைத்திய ஆலோசனை பெற்ற எதுவும். மனைவிக்கு ஆதார வைத்தியசாலையில் ஸ்கேன் செய்து கல் கண்டது போன வருடத்துக்கு முந்திய ஜூனில் அல்ல, போன வருட ஜூனில். தம்பி வேலைக்குச் சேர்ந்தது அதே வருட மார்ச்சில். "அப்ப சேர்ந்த பிறகுதானே வந்தது, பிரச்சினை இல்லையே" என்றார். ஆனால் ஒவ்வொரு நபருக்கும் கவர் தொடங்கும் திகதி அவரவர் பெயர் பட்டியலில் ஏறிய திகதி. வேலை நிரந்தரமான பிறகுதான் மனைவியின் பெயரை அனுப்பியிருந்தார்கள். மனித வளப் பிரிவிடம் கேட்டு வாங்கிய பட்டியலில் செப்டம்பர் 1 என்று இருந்தது. ஸ்கேன் அதற்கு மூன்று மாதம் முந்தியது.

இங்கேயே மூடியிருந்தால் இல்லை என்றுதான் முடிவாகியிருக்கும். 31 ஆம் பக்கத்தில் எண்டோர்ஸ்மென்ட்கள் இருந்தன. முதலாளியும் காப்புறுதி நிறுவனமும் தனியாகப் பேசி மாற்றிக்கொண்ட விஷயங்கள் அங்கேதான் வரும். பொது வாசகத்துக்கும் அதற்கும் முரண் வந்தால் எண்டோர்ஸ்மென்ட்தான் செல்லும் என்று அந்த ஆவணமே சொல்கிறது. மூன்றாவது எண்டோர்ஸ்மென்ட்: முன்பே இருந்த நோய் என்ற விலக்கு ஊழியருக்கு இல்லை. குடும்பத்தவருக்குத் தொடர்ச்சியாக 12 மாதம் கவரில் இருந்தால் அதன் பிறகு இல்லை.

அதாவது ஜூலையில் செய்தால் ஒரு சதமும் இல்லை. ஆகஸ்ட் 31 முடிந்து செய்தால் 300,000.

"ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டாம விட்டா?" என்று கூட வந்த மச்சான் ஒருவர் கேட்டார். கிளைம் படிவத்தில் எப்போது முதல் அறிகுறி என்று வைத்தியரே எழுத வேண்டும், டயக்னோசிஸ் கார்டிலும் அது வரும். அது ஒரு பக்கம். பொய் சொல்லி எடுக்கும் காசு என்ன காசு என்பது இன்னொரு பக்கம். அவர் மேலே பேசவில்லை.

இரண்டு மாதம் பொறுக்கலாமா என்பது எங்களுக்கோ ஆவணத்துக்கோ தெரிந்த விஷயம் அல்ல. நிபுணரிடமே கேட்கச் சொன்னோம். பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பொறுக்கலாம், காய்ச்சலோ கண் மஞ்சளோ விடாத வலியோ வந்தால் காசு, காப்புறுதி எதையும் பார்க்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். கட்டார் வேலைக்கும் தம்பி முயற்சி செய்துகொண்டிருந்தார். வேலையை விட்ட அன்றே இந்தக் கவரும் நின்றுவிடும் என்பதையும் காட்டினோம்.

பிறகு கிளைம் பகுதி. டிஸ்சார்ஜ் ஆன திகதியில் இருந்து 60 நாட்களுக்குள் எல்லா ஆவணங்களும் 'கம்பனிக்கு' கிடைக்க வேண்டும். மனித வளப் பிரிவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்தக் கம்பனி எந்தக் கம்பனி என்று முதலிலேயே பார்த்தோம் அல்லவா? ஃபைல் மேசையில் கிடந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் போகும். ஒரிஜினல் பில், வகை பிரித்த கணக்கு, பணம் கட்டிய ரசீது, டயக்னோசிஸ் கார்ட், வைத்தியர் நிரப்பிய படிவம். கொடுக்குமுன் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து, ஒப்படைத்த திகதியை ஒரு பிரதியில் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் தங்கினால் ஓர் இரவுக்கு 2,500 ரூபா. போன வருடம் டெங்குவில் தம்பி ஐந்து இரவு வார்டில் கிடந்திருக்கிறார். கேட்காததால் கிடைக்கவில்லை, 60 நாளும் போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் இலவசம்தானே, கிளைம் எதற்கு என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

ஒப்பரேஷன் செப்டம்பர் இரண்டாம் வாரம் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். 10,000 ரூபா அறைதான் எடுத்தார்கள். மருந்துச் செலவு கொஞ்சம் கூடி பில் 366,000 வந்தது. ஃபைல் ஒன்பதாம் நாளே போய்ச் சேர்ந்தது. முதலில் முன்பே இருந்த நோய் என்று நிராகரித்துக் கடிதம் வந்தது. மூன்றாவது எண்டோர்ஸ்மென்ட்டையும் செப்டம்பர் 1 என்று உள்ள பெயர்ப் பட்டியலையும் இணைத்து மனித வளப் பிரிவு ஊடாகப் பதில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் 300,000 கணக்கில் விழுந்தது. விழாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதக் கடிதமும் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

உங்கள் பொலிசியில் தொகைகளும் நாட்களும் வேறாக இருக்கும். மனித வளப் பிரிவிடம் ஒற்றைத் தாளை அல்ல, இந்த வருடத்து முழு ஆவணத்தையும் எண்டோர்ஸ்மென்ட்களோடு கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் அஸர் தொழுகைக்குப் பிறகு கொண்டு வாருங்கள், நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.