கண்ணுக்குள் எடுத்த படத்தில் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் வளையமும்



என் மதினியின் வலது கண் படங்கள் இரண்டை அவர்கள் சம்மதத்தோடு குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். ஒன்று ஆவணியில் எடுத்தது, இன்னொன்று மார்கழியில் எடுத்தது. "ரெண்டும் ஆரஞ்சுப் பழம் மாதிரிதான் இருக்கு சார், இதுல டாக்டர் என்னத்தப் பாக்குறாரு?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அப்படிக் கேட்ட பலருக்கும் இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், பாதிப்பேர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் படத்தில் திசை தெரிய வேண்டும். வலது பக்கம் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கிறது பாருங்கள். கண் நரம்பு மூளைக்குக் கிளம்பும் இடம் அது. நரம்புத் தட்டு என்று வைத்துக்கொள்வோம். தட்டு படத்தில் வலப்பக்கம் இருந்தால் அது வலது கண், இடப்பக்கம் இருந்தால் இடது கண். ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்தத் தட்டிலிருந்துதான் கிளை விடும். தட்டின் அகலம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோல் அதுதான். அந்த அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு தூரம் தள்ளி, குழாயே இல்லாமல் கருஞ்சிவப்பாக ஓர் இடம் தெரியும். அதுதான் பார்வையின் மையம். எழுத்துப் படிப்பதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் அந்தச் சின்ன இடத்தால்தான்.

இனி சிவப்புப் புள்ளிகள். சர்க்கரை பல வருஷம் கூடுதலாக ஓடினால், மயிரிழைக் குழாய்களின் சுவரைத் தாங்கும் செல்கள் செத்துப்போகின்றன. தாங்கல் போன இடத்தில் சுவர் குட்டிப் பலூன் மாதிரிப் புடைக்கும். மருத்துவர்கள் மைக்ரோஅனூரிசம் என்பது இதைத்தான். பெரும்பாலும் சர்க்கரையின் முதல் கையெழுத்து இதுதான். தட்டின் ஓரத்தில் ஓடும் பெரிய சிரை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலம் இருக்கும். அதைவிடச் சிறியதாக, ஓரம் தெளிவாக, உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் புடைப்பு. அதைவிடப் பெரியதாக, ஓரம் கலைந்து இருந்தால் ரத்தக் கசிவு. ரொம்பச் சின்னப் புள்ளியில் இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் சிரமம்தானாம்.

படம் எடுத்த பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள், படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையானது. "இது பச்சை வெளிச்சத்துல தெரியுற படம் சார்" என்றாள். ரத்தம் பச்சை ஒளியை விழுங்கிவிடும், அதனால் சிவப்புப் பின்னணியில் ஒளிந்திருந்த புள்ளிகள் கறுப்பாக எழுந்து நிற்கின்றன. வண்ணப் படத்தில் எனக்கு மூன்றுதான் தெரிந்தது, இதில் எட்டு எண்ணினேன். எட்டாம் வகுப்பு ஒளியியல் பாடம்தான்! எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ.

கசிந்த ரத்தத்தின் உருவமும் ஒரு செய்தி சொல்லும். விழித்திரையின் ஆழ்ந்த அடுக்கில் செல்கள் செங்குத்தாக நிற்கின்றன, அங்கே கசிந்த ரத்தம் அவற்றுக்கு நடுவே சிக்கி வட்டமாகத் தெரியும். மேலடுக்கில் நரம்பிழைகள் நாற்றங்கால் வரிசை மாதிரிப் படுத்திருக்கின்றன, அங்கே கசிந்தது வரிசை வழியே ஓடித் தீச்சுடர் போல நீளும். சர்க்கரைக்கு வட்டக் கசிவுதான் அதிகம். சுடர் வடிவம் தெரிந்தால் ரத்த அழுத்தத்தையும் சந்தேகிப்பார்கள். மதினி படத்தில் தட்டுக்கு மேலே ஒரு சுடர் இருந்தது. "பிரஷர் பாத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் மதினி என்னைப் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தி ஏழு மாசமாம். அளந்தால் 170/100.

ஆனால் மதினியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அந்தச் சிவப்பு இல்லை, மஞ்சள். மையத்துக்குச் சற்று மேலே, மெழுகு சொட்டியது போல மஞ்சள் பொட்டுகள் அரைவட்டமாக நின்றன. புடைத்த குழாய் ஒழுகும்போது நீரோடு கொழுப்பும் புரதமும் வெளியே வரும். நீரைச் சுற்றியுள்ள நல்ல குழாய்கள் உறிஞ்சிவிடும், கொழுப்பு மட்டும் நின்றுவிடும். நம் ஊர் போர்த் தண்ணீர் மொட்டை மாடியில் தேங்கிக் காய்ந்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுமே, அதே கதை. ஆகவே வளையத்தைப் பார்த்தால் அதன் நடுவில் தேட வேண்டும், ஒழுகும் குழாய் அங்கேதான் இருக்கும். மதினிக்கும் நடுவே மூன்று புள்ளிகள் இருந்தன.

அறுபது வயதுக்கு மேல் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் மஞ்சள் பொட்டுகள் வரலாம். அது முதுமைப் படிவு. பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஏதும் இராது, மெழுகுப் பளபளப்பும் குறைவு. பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல ஓரம் மங்கிய வெள்ளைத் திட்டு இன்னொரு வகை. அங்கே ஒழுகல் இல்லை, ரத்தம் போகாமல் நரம்பிழை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மதினியின் வளையம் மையத்திலிருந்து தட்டின் அகலத்தில் முக்கால் பங்கு தூரத்துக்குள் வந்துவிட்டது. ஒரு தட்டு அகலத்துக்குள் மஞ்சள் வந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "தம்பி, நான் தினமும் பேப்பர் படிக்கிறேன், எனக்கு எதுக்கு?" என்று மதினி சண்டை போட்டார்கள். உண்மைதான், பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார்கள். மையத்தை நீர் தொடாத வரைக்கும் படிக்க முடியும், தொட்டபின் கோடு வளையும், எழுத்து மங்கும்.

படத்தின் குறை இங்கேதான். அது தட்டையானது, வீக்கத்தின் உயரத்தைக் காட்டாது. மஞ்சளைப் பார்த்து ஒழுகலை ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு ஓசிடி என்ற ஸ்கேன் உண்டு, விழித்திரையைக் குறுக்கே வெட்டிய மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும். மதினிக்கு வளையத்துக்குள் வீக்கம், மையம் தப்பித்திருந்தது. ஒழுகும் புள்ளிகளுக்கு லேசர் வைத்தார்கள். மையமே வீங்கிப் பார்வை குறைந்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருக்குமாம்.

இன்னொரு குறை, ஒரு படத்தில் விழித்திரையின் நடுப்பகுதிதான் விழும். ஓரத்தில் இருப்பது தப்பிவிடலாம். புரை இருந்தாலோ பாப்பா சிறிதாக இருந்தாலோ படம் மங்கும். மங்கிய படத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று யாரும் எழுதக் கூடாது. சொட்டு மருந்து விட்டு மறுபடி எடுக்க வேண்டும், அல்லது டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். இரண்டு கண் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் அது லென்ஸ் தூசி!

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று சிற்றூர்களிலும் பார்வை மையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே பரிசோதனை செய்ய, டாக்டர் தொலைவிலிருந்தே பேசுகிறார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் ஒரு நாள் கூலியை விட்டு ஊருக்குள் வரத் தேவையில்லாமல் போனது பெரிய விஷயம்.

இப்போது மார்கழிப் படத்தைப் பாருங்கள். தீச்சுடர் மறைந்துவிட்டது, பிரஷர் மாத்திரை ஒழுங்காக ஓடுகிறது. ஆவணியில் இருந்த எட்டுப் புள்ளிகளில் நாலைக் காணோம், ஆனால் கீழ்ப்பக்கம் புதிதாக இரண்டு. புள்ளிகள் இப்படி வரும் போகும். எண்ணிக்கை குறைந்ததால் நோய் போய்விட்டது என்று கணக்குப் போட முடியாது. மஞ்சள் வளையம் பாதி கரைந்திருக்கிறது, மீதி கரைய இன்னும் சில மாதங்கள் ஆகுமாம். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மூன்றாவது படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய இரண்டு படங்களையும் தேதி எழுதி மதினியின் பைக்குள் வைத்துவிட்டேன்.