கிழிவு என்றொரு சொல்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்திகளுக்குத் தலைப்பு எழுதிப் பழகியவன் என்பதால், ஒரு சொல் மனிதரை எவ்வளவு தூரம் ஓடவைக்கும் என்பதை ஓரளவு அறிவேன். ஆனால் ஒரு மருத்துவ அறிக்கையில் இருந்த ஒற்றைச் சொல், ஒரு குடும்பத்தின் நகைகளை அடகுக் கடை வாசல்வரை கொண்டுபோனதை அண்மையில்தான் கண்டேன்.

எங்கள் உறவில் அக்கா முறையான ஒருவர் மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைக்கு மேலே வசிக்கிறார். அறுபத்து மூன்று வயது. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பின், அறுவடைக் காலங்களில் மிளகு ஆயப் போவார். மிளகுக் கொடி மரத்தைப் பற்றி ஏறுவது; ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி மணிக்கணக்கில் ஆயவேண்டும். அப்படிப் பல நாள்கள் தொடர்ந்து ஆய்ந்த பிறகு வலது தோளில் வலி தொடங்கியது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் சுருக்கென்றது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மகன் கண்டிக்கு அழைத்துச் சென்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்.

ஆங்கில அறிக்கையின் சாரம் இதுதான்: சுப்ரஸ்பினேட்டஸ் தசைநாணில் 8 மில்லிமீற்றர் அளவிலான முழுத்தடிப்புக் கிழிவு. மகன் அதை வாசித்துச் சொன்ன அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, தோள் கிழிஞ்சு போச்சாம். வெட்டித் தைக்காட்டி கையே வெளங்காதாம்." அப்படி எந்த வைத்தியரும் சொல்லவில்லை. கிழிந்ததைத் தைக்க வேண்டும் என்பது துணி உடுத்தும் எவருக்கும் தானாகவே தோன்றுவது. மகன் ஒரு தனியார் வைத்தியசாலையில் செலவு விசாரித்து, தாயின் நகைகளை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார்.

தோளின் அமைப்பைச் சற்றே விளங்கிக்கொள்ள வேண்டும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டையின் ஆழமற்ற குழியில் அமர்ந்திருக்கிறது. அது நழுவாமல் நடுவே நிறுத்தி வைப்பவை நான்கு தசைகள்: மேலே ஒன்று, பின்னே இரண்டு, முன்னே ஒன்று. அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று இணைந்து எலும்புத் தலையைச் சட்டைக் கையின் பட்டி போலச் சுற்றியிருக்கின்றன. இதற்கே ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். மேலே உள்ள சுப்ரஸ்பினேட்டஸ் நாண்தான் வயது ஏற ஏற முதலில் நைந்துபோவது. பெரும்பாலும் அது ஒரே நாளில் அறுவதில்லை. பழைய கயிற்றின் புரிகள் போலப் பல்லாண்டுகளில் ஒவ்வொன்றாகத் தேய்கிறது.

இந்தத் தேய்வு எவ்வளவு பொதுவானது என்பதற்கு ஜப்பானிய ஆய்வு ஒன்று நல்ல சான்று. மினகாவாவும் அவரது குழுவினரும் ஒரு கிராமத்தில் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பரிசோதித்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். 147 பேரிடம் முழுத்தடிப்புக் கிழிவு இருந்தது. அவர்களில் 96 பேருக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, தோளில் எந்தத் தொல்லையும் இல்லை. ஐம்பது வயதுக்குக் கீழே எவரிடமும் இத்தகைய கிழிவு காணப்படவில்லை. எண்பதுகளில் இருந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இருந்தது. எம்.ஆர்.ஐ. காட்டுவதும் வேறல்ல. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தோள்வலியே இல்லாத அறுபது வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் பகுதியாகவோ முழுமையாகவோ கிழிவு தென்பட்டது.

ஆகவே வலிக்கும் தோளில் ஒரு கிழிவு தெரிந்தால், வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட இயலாது. வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது அங்கே இருந்திருக்கலாம். முன்னெடுத்த ஸ்கேன் இல்லாதவரை அதை அறிய வழியில்லை.

எனக்குப் பழக்கமான எலும்பியல் நிபுணர் ஒருவரிடம் அக்காவை அழைத்துச் சென்றேன். அவர் அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் கையைப் பார்த்தார். தானே அக்காவின் முன்கையை வெளிப்புறமாகச் சுழற்றினார். அது தடையின்றிச் சென்றது. தோள் இறுகிப்போகும் நோயில் இந்த அசைவே முதலில் அடைபடும் என்றும், நீரிழிவுக்காரரிடம் அது அதிகம் என்றும், அப்போது ஸ்கேனில் தெரியும் கிழிவு வெறும் பார்வையாளராகவே இருக்கக்கூடும் என்றும் விளக்கினார். பின்னர் கையை உயர்த்திப் பிடித்து மெல்ல இறக்கச் சொன்னார்; வலித்ததே தவிரக் கை பொத்தென்று விழவில்லை. புறங்கையை இடுப்பின் பின்னே வைத்து அங்கிருந்து எடுக்கச் சொன்னார், முடிந்தது. கழுத்தைத் திருப்பியபோது கைக்குள் மின்னலடிக்கவில்லை. நாண்கள் வேலை செய்கின்றன என்பதே இவற்றின் பொருள்.

பிறகு இடது தோளையும் ஸ்கேன் செய்து வரச் சொன்னார். ஒருநாளும் வலிக்காத அந்தத் தோளில், அதே நாணில், 6 மில்லிமீற்றர் கிழிவு இருந்தது. அக்கா அந்தக் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இது கிழிஞ்சது எனக்கே தெரியாதே!" என்றார். நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை இடது தோள் புரியவைத்தது.

பன்னிரண்டு வாரப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். முதலில் மல்லாந்து படுத்து, மறு கையின் துணையோடு உயர்த்துதல். பின்னர் சுவரில் கையைத் தேய்த்தபடி மேலேற்றுதல். அதன்பின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இறப்பர்ப் பட்டியை வெளிப்புறமாக இழுத்தல். ஆறாவது வாரத்துக்குப் பிறகு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குதல். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையும் அது நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூன்றாம் மாத முடிவில் அக்கா வலப்பக்கம் படுத்து உறங்கினார். ஏணியில் நின்று நெடுநேரம் ஆய்வது இன்னும் கடினம், அதை விட்டுவிட்டார். கிழிவு அங்கேயேதான் இருக்கிறது. நகைகளும் வீட்டிலேயே இருக்கின்றன.

இது ஒருவருக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமன்று. பின்லாந்தில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோரின் 180 தோள்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, பயிற்சி மட்டும், எலும்பைச் சற்றே செதுக்குதலும் பயிற்சியும், செதுக்கித் தைத்தலும் பயிற்சியும் என ஒப்பிட்டனர். 2014இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோர்வேயில் பத்தாண்டு தொடர்ந்த வேறோர் ஆய்வில் தைத்துக்கொண்டவர்களே மேலாக இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழிவுகள் காலப்போக்கில் பெரிதாகவும் கூடும். எனவே வலி திரும்பினாலோ பலம் குறைந்தாலோ மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று நிபுணர் அக்காவிடம் வலியுறுத்தினார்.

எப்போது தாமதிக்கக் கூடாது? ஏணியிலிருந்து விழுந்தோ, பாரம் சுண்டி இழுத்தோ, நேற்றுவரை உயர்ந்த கை இன்று உயரவில்லை என்றால், அது புதிய கிழிவாக இருக்கக்கூடும். அங்கே ஸ்கேனுக்கு உண்மையான வேலை உண்டு. அறுந்த நாணின் தசை பயனின்றிக் கிடந்தால் சுருங்கிக் கொழுப்பேறிவிடும். அதன்பின் தைத்தாலும் பழைய பலம் திரும்புவது அரிது. அத்தகையோரைச் சில வாரங்களுக்குள் நிபுணர் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. அல்ட்ராசவுண்ட் கருவியை நாணுக்கு நேர் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால், நல்ல நாணும் கறுத்துக் கிழிவு போலத் தோன்றும். முழுக் கிழிவைக் காட்டுவதில் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏறத்தாழ நிகர். பகுதிக் கிழிவில் அத்தனை நம்பகமில்லை.

அறிக்கையோடு வைத்தியரிடம் செல்பவர்கள் மூன்று கேள்விகளைக் கொண்டுசெல்லலாம். இது புதியதா, பழையதா? என் கையின் பலம் குறைந்திருக்கிறதா? என் வயதில் வலியில்லாதவர்களிடமும் இது இருக்குமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு தையலைப் பற்றிப் பேசலாம்.