ஒரு ஏக்கர் மல்லாட்டைக்கு எத்தனை ஆள்?

எங்க பக்கம், அதாவது விழுப்புரம், திண்டிவனம் சுத்துவட்டாரத்துல, வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னுதான் பேரு. மானாவாரி நிலத்தைக் கொல்லைன்னு சொல்லுவோம். என் கொல்லை ஒரே ஒரு ஏக்கர். விதைச்ச பிறகு அதை இழுத்துப் பெருசாக்க முடியாது. விதை, எரு, மழை எல்லாம் அதே அளவுதான். அந்த சீசன்ல நான் கூட்டவோ குறைக்கவோ முடியுறது களை எடுக்க வர்ற ஆளை மட்டும்தான். சென்னையில இருக்கிற நண்பர்கள் "ஆளு நிறைய போட்டா மகசூல் நிறைய வருமே"ன்னு கேக்கிறாங்க. வரும். ஆனா எதுவரைக்கும்கிறதுதான் சங்கதி.

விதைச்சு 20, 25 நாள்ல முதல் களை. அன்னைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரை இறக்கலாம்? பல வருஷமா நோட்டுல எழுதி வெச்சதை வெச்சு ஒரு கணக்கு சொல்றேன். மழை வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால இதை உத்தேசமா எடுத்துக்கோங்க. மூட்டைன்னா நாற்பது கிலோ.

களையே எடுக்காம விட்டா 6 மூட்டை. 5 பேர் இறங்கினா 10 மூட்டை. அந்த அஞ்சு பேரும் எங்க கோரையும் அறுகும் மண்டிக் கிடக்குதோ அங்கதான் முதல்ல உட்காருவாங்க, அதனால 4 மூட்டை கூடுது. 10 பேர்னா 13 மூட்டை. மீதி வரிசைகள் முடியுது, கூடினது 3. 15 பேர்னா 15 மூட்டை. இப்ப செடிக்கும் செடிக்கும் நடுவுல இருக்கிறதைக் கையால கிள்ளுறாங்க, கூடினது 2. 20 பேர்னா பதினைஞ்சரை. கூடினது அரை மூட்டைதான்.

பின்னாடி வந்த அஞ்சு பேரு சோம்பேறிங்கன்னு நினைச்சுடாதீங்க. அவங்களும் முதல் அஞ்சு பேர் மாதிரியே குனிஞ்சு கொத்துறவங்கதான். அவங்க வேலைக்கு நிலத்துல மிச்சமா புல்லு இல்ல. ஒருத்தர் கொத்தின வரிசையை இன்னொருத்தர் தடவிப் பார்க்கிறாங்க, கொத்து ஓங்க இடம் பத்தலை. அதே அஞ்சு பேரை பக்கத்துல களை எடுக்காம கிடக்கிற கொல்லையில இறக்குங்க, நாலு மூட்டை கூடிடும். பொருளாதாரப் புத்தகத்துல இதைத்தான் இறுதிநிலை உற்பத்தி குறையுதுன்னு எழுதுறாங்க. மொத்த மகசூல் குறையலை, கவனிங்க. ஒவ்வொரு கூடுதல் ஆளும் சேர்க்கிறதுதான் குறையுது.

25 பேரை விட்டா மொத்தமே குறைஞ்சுடும். செடி மிதிபடும், வேர் வெட்டுப்படும். இதைவிட மோசம், 45 நாளைக்குப் பிறகு "இன்னொரு தடவை பார்த்துடலாமே"ன்னு ஆளு விடுறது. அப்ப பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள்ள இறங்குற நேரம். மண்ணைக் கிளறினா விழுது அறும், விழுது அறுந்தா காய் இல்ல. அதனாலதான் இரண்டாம் களையும் மண் அணைக்கிறதும் ஜிப்சமும் அதுக்குள்ள முடிச்சுடணும்.

எங்க நிறுத்தணும்னு கேட்டா, மகசூல் கூடுறது நிக்கிற இடத்துல இல்ல, அதுக்கு முன்னாடியே. ஒரு ஆளுக்கு 300 ரூபா கூலின்னா அஞ்சு பேருக்கு 1,500. மூட்டை 2,400 ரூபாய்க்குப் போனா கடைசி அஞ்சு பேர் கொண்டுவர்ற அரை மூட்டை 1,200 தான். அதனால நான் பதினைஞ்சோட நிறுத்துவேன். விலை ஏறி மூட்டை 3,000 தாண்டினா இருபது பேர் கட்டுப்படியாகும். நிலத்துக்குன்னு ஒரு நிரந்தர எண்ணிக்கை கிடையாது.

காகிதத்துல சுலபமா இருக்குது. காலையில கொல்லை மேட்டுல நின்னா அப்படி இல்ல. போன பட்டத்துல ஆள் கூட்டிட்டு வந்த அக்கா சொன்னாங்க: "அண்ணா, இன்னும் அஞ்சு பேர் வந்துட்டாங்க, இன்னைக்கு வேற எங்கேயும் வேலை இல்ல, சேத்துக்கோங்க." நூறு நாள் வேலையும் அன்னைக்கு இல்ல. நான் மாட்டேன்னா அஞ்சு வீட்டுல அன்னைக்குக் கூலி இல்ல.

கிராமத்துல ஆளு அளவுக்கு மீறி இருக்கு, பாதிப் பேரை எடுத்துட்டாலும் விளைச்சல் குறையாதுன்னு ரொம்பக் காலம் சில பொருளாதார அறிஞர்கள் பேசினாங்க. தியோடர் ஷுல்ட்ஸ் 1964-ல எழுதின புத்தகத்துல அதை மறுத்தார். 1918 விஷக்காய்ச்சல்ல இந்தியாவுல உழைக்கிற ஆட்கள் ஏராளமா செத்தப்போ விதைப்புப் பரப்பும் குறைஞ்சதைக் காட்டினார். அவர் சொன்னதுல எனக்கு நம்பிக்கை உண்டு. களை நாள்ல உபரியா நிக்கிற அதே அக்காமாருங்க, மல்லாட்டை பிடுங்கி காய் ஆயுற வாரத்துல கிடைக்கவே மாட்டாங்க. ஒரு நாளு தள்ளிப் போய் மழை பிடிச்சா காய் கொல்லையிலேயே முளைக்கும்.

அன்னைக்கு அந்த அஞ்சு பேரை பக்கத்துக் கொல்லைக்காரர்கிட்ட அனுப்பிவெச்சேன். அவருக்கு ஆளு கிடைக்காம பயிர் புல்லுல மூழ்கிட்டு இருந்துச்சு. அவர் வாங்கிக்கிட்டார்.