சூட்டு வலியும் சீரகத் தண்ணீரும்

இரவு பத்து மணிக்கு மேல் வாசலில் ஆட்டோ வந்து நின்றால், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கையைக் கழுவப் போய்விடுவேன். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையில் இருபது வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். "சிஸ்டர், பொண்ணுக்கு வலி வந்துடுச்சு" என்று அம்மாக்காரிதான் சொல்வார். அன்றைக்கு வந்தவளுக்குத் தலைப்பிரசவம், 38 வாரம். வயிறு கல்லு மாதிரி ஆகி, அப்புறம் விட்டுவிடுகிறது என்றாள்.

எவ்வளவு வலிக்கிறது என்று நான் கேட்பதில்லை. பொய் வலியும் நன்றாகவே வலிக்கும். கருப்பையின் உச்சியில், விலாவுக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். இறுக்கம் தொடங்குவதைப் பல சமயம் அவள் சொல்வதற்கு முன்பே கை சொல்லிவிடும். இறுகியிருக்கும்போது விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். மூக்கு நுனி மாதிரி அமுங்கினால் லேசான வலி, தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம், நெற்றி மாதிரி அமுங்கவே மறுத்தால் பலமான வலி. புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு அவரவர் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் இதைக் கற்றுக்கொடுக்கிறேன்.

நேரத்தை எண்ணுவதில்தான் வீட்டில் தப்பு நடக்கிறது. ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை எண்ண வேண்டும். அவளுக்கு 10.40, 10.47, 11.02, 11.06, 11.25 என்று வந்தது. இடைவெளி ஏழு நிமிடம், பதினைந்து, நான்கு, பத்தொன்பது. ஒன்று 40 வினாடி நின்றது, அடுத்தது 20 வினாடியிலேயே விட்டது. முன்வயிற்றில் மட்டும் இழுத்துப் பிடித்தது. அந்த நேரத்திலும் அம்மாவிடம் செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்து இடது பக்கம் சாய்ந்து படுக்க வைத்தேன். "சீரகத் தண்ணி வச்சுக் குடுத்தேன் சிஸ்டர். சூட்டு வலின்னா அடங்கிடும், பிள்ளை வலின்னா கூடும்பாங்க" என்றார் அம்மா. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, பாட்டிமார் கண்டுபிடித்த நல்ல சோதனை அது. உடம்பில் நீர் குறைந்தாலும் மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் கருப்பைத் தசை எரிச்சலடைந்து இறுகும். வேலை செய்தது சீரகத்தைவிடத் தண்ணீர்தான் என்பது என் எண்ணம். 1872-இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த இறுக்கத்தை விவரித்ததால் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் சூட்டு வலிதான்.

உள்ளே பரிசோதித்தபோது கருப்பை வாய் விரல் நுனி அளவுக்கே திறந்திருந்தது, நீளமும் குறையவில்லை. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியேதான். முடிவு சொல்வது அந்த இரண்டாவது பரிசோதனை. வலி எத்தனை வந்தாலும் வாய் இளகித் திறக்காவிட்டால் பிரசவம் தொடங்கவில்லை. விடியற்காலையில் தூங்கிவிட்டாள், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் இந்தத் தண்ணீர்ச் சோதனைக்கெல்லாம் 37 வாரம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் விட்டுவிட்டு ஒழுங்காக இறுகினால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தை அசைவு குறைந்தால், முந்தைய பிரசவம் ஆபரேஷன் என்றால், அல்லது இறுகிய வயிறு இளகவே இல்லையென்றால் கடிகாரத்தைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். மூன்றாம் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி, "முதுகுதான் குடையுது சிஸ்டர்" என்றாள், அவ்வளவுதான். மாசம் முற்றினால் வரும் முதுகுவலி என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ரிஜிஸ்டர் எழுதினேன். அரை மணி நேரத்தில் தலை தெரிந்தது. நிஜ வலி பல பேருக்கு முதுகில் தொடங்கி முன்னால் சுற்றி வரும், சிலருக்கு முதுகிலேயே நின்றுவிடும். அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் கை வயிற்றுக்குப் போன பிறகுதான் பேனாவைத் தொடுகிறேன்.

அந்தத் தலைப்பிரசவக்காரி நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்ப வந்தாள். தினசரி காலண்டர் தாளின் பின்னால் நேரம் குறித்திருந்தாள்: 3.10, 3.18, 3.25, 3.31, 3.37, 3.42. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை, நடந்தால் அதிகமானது. சளி மாதிரி கொஞ்சம் ரத்தக்கறையோடு பட்டதாம். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். "ராத்திரி எட்டு..." என்றவள் நிறுத்திவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்தாள். என் கைக்கடியில் வயிறு நெற்றி போல இருந்தது. 50 வினாடி. விட்டதும், "எட்டரைக்கு" என்று முடித்தாள்.

"இதுவும் சூட்டு வலியா சிஸ்டர்?" என்றார் அம்மா. கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. பார்ட்டோகிராஃப் தாளை எடுத்து முதல் குறியைப் போட்டேன்.