24.92

போன மாதம் பரணை ஒழித்தபோது, ஆலையில் வேலை பார்த்த காலத்து நோட்டு ஒன்று கையில் சிக்கியது. அட்டை பூச்சி அரித்துவிட்டது. உள்ளே 1974 மே மாதப் பக்கம் ஒன்றில் "24.92" என்று எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

துணி பதனிடும் ஆலை அது. மெர்சரைஸிங்குக்குக் காஸ்டிக் சோடா திரவமாக டேங்கரில் வரும். அதில் எத்தனை சதவீதம் காஸ்டிக் இருக்கிறதோ, அதற்குத்தான் பணம். மாதிரியில் 50 கிராம் எடை போட்டு, தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குவோம். அதிலிருந்து பிப்பெட்டால் 25 மில்லி எடுத்து, ப்யூரெட்டில் இருக்கும் அமிலத்தால் டைட்ரேட் செய்வோம். வழக்கமாக 29.7 மில்லி அமிலம் செலவாகும். அண்ணன் ஷிஃப்டில் மட்டும் 29.6 வரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். கணக்குப் போட்டால் 10 டன் டேங்கருக்கு 14 கிலோ காஸ்டிக் குறைகிறது. சரக்கு அனுப்புகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

தலைமைக் கெமிஸ்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "பிப்பெட்டை முழுசா வடிய விடறதில்லை, அவசரம். வயசாயிடுச்சு." மெமோ டைப் ஆகிவிட்டது. மெமோ போனால் அந்த வருட இன்க்ரிமெண்ட் போச்சு. அண்ணனுக்கு மகள் கல்யாணம் வைத்திருந்த நேரம்.

நான் சேர்ந்து எட்டு மாதம்தான். "தம்பி, நான் இருபது வருஷமா இதைத்தான் பண்றேன். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க" என்றார். பார்த்தேன். நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு, வடிந்த பிறகும் பதினைந்து எண்ணி, கடைசிச் சொட்டை ஊதாமல் அப்படியே விட்டுத்தான் எடுத்தார். கையில் குற்றம் இல்லை. அப்படியானால் கண்ணாடியில் இருக்க வேண்டும். அந்தந்த ஷிஃப்டுக்குத் தனித்தனி பிப்பெட். ப்யூரெட் மட்டும் எல்லோருக்கும் பொது.

பிப்பெட் எவ்வளவு விடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அது விடும் தண்ணீரை எடை போடுவது. இரவே காய்ச்சி வடித்த தண்ணீரைத் தராசு அறையில் வைத்துவிட்டேன், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று. மறுநாள் தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டியது. மூடியுள்ள சிறு கோனிக்கல் குடுவையைக் காலியாக எடை போட்டு, அண்ணன் பிப்பெட்டால் தண்ணீர் விட்டு, உடனே மூடி மறுபடி எடை. மே மாத வெயிலில் மூடாமல் விட்டால் தராசு முள் நிற்பதற்குள் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூன்று முறை செய்தேன். 24.788, 24.794, 24.791 கிராம்.

ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே! 25-க்கு 0.21 குறைகிறது. துள்ளிக் குதித்தேன். ஒப்பிடுவதற்காக என் பிப்பெட்டையும் போட்டேன். 24.858. அதுவும் 0.14 குறைவு! அடுத்ததும் அப்படியே. லேபில் இருந்த அத்தனை பிப்பெட்டும் தப்பு என்று அரை மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, தலைமைக் கெமிஸ்டிடம் ஓடவில்லை.

வோகல் எழுதிய புத்தகத்தை அப்புறம்தான் புரட்டினேன். ஒரு மில்லி ஒரு கிராம் என்பது 4 டிகிரித் தண்ணீருக்கு. நம் ஊர் மே மாதத்தில் தண்ணீர் விரிந்து லேசாகிவிடுகிறது. 30 டிகிரியில் ஒரு மில்லி 0.9957 கிராம்தான். 25 மில்லிக்கு இதிலேயே 109 மில்லிகிராம் போய்விடுகிறது. இரண்டாவது, காற்று. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கிறதல்லவா? அதேபோல் காற்றும் பொருளை மேலே தாங்குகிறது. பித்தளை எடைக்கல் சின்னது, தண்ணீர் பெரிய இடத்தை அடைக்கிறது. அதனால் தண்ணீரைத்தான் காற்று அதிகம் தாங்கும். இதில் இன்னொரு 26 மில்லிகிராம். மூன்றாவது, பிப்பெட்டில் எழுதியிருக்கும் 25 என்பது 20 டிகிரிக்கு. கண்ணாடியும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. அது போரோசிலிகேட் கண்ணாடிக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான், நான் அதை விட்டுவிட்டேன்.

முதல் இரண்டையும் சேர்த்தால், 30 டிகிரியில் எடையை 1.0054-ஆல் பெருக்கினால் மில்லி கிடைக்கும். என் பிப்பெட் 24.858 × 1.0054 = 24.992. கிட்டத்தட்ட சரி. அண்ணனுடையது 24.791 × 1.0054 = 24.925. அதாவது 0.075 மில்லி குறைவு. ஏ வகுப்புப் பிப்பெட்டுக்கு 0.03, பி வகுப்புக்கு 0.06 வரைதான் சலுகை. இது பி-யிலும் தேறவில்லை. நூற்றுக்கு 0.3 குறைவு, 29.7-ல் அது 0.09. தினமும் காணாமல் போன அந்த ஒரு கோடு இதுதான்.

ஆனாலும் மெமோ போடுகிறவர், "நீ எடுத்த விதம் அப்படி" என்று சொல்லலாமே. அதனால் அண்ணனைக் கூப்பிட்டு என் பிப்பெட்டால் அவரையே மூன்று முறை விடச் சொன்னேன். 24.86 கிராம். என் கையில் அவர் பிப்பெட் குறைவாக விட்டது, அவர் கையில் என் பிப்பெட் சரியாக விட்டது.

ப்யூரெட்டையும் விடவில்லை. பூஜ்யத்திலிருந்து 30 வரை இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, நுனிச் சொட்டையும் குடுவையில் தொட்டெடுத்து எடை போட்டேன். 29.82 கிராம், அதாவது 29.98 மில்லி. 50 வரை இறக்கினால் 49.93தான் வந்தது, அடிப்பக்கம் குழாய் கொஞ்சம் குறுகல். எங்கள் டைட்ரேஷன் 30-ஐத் தாண்டாததால் அது தொந்தரவு செய்யவில்லை.

பிப்பெட் ஏன் குறைத்தது? குரோமிக் அமிலத்தில் கழுவித்தான் வைத்திருந்தோம். சுவரில் சொட்டு நிற்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மற்றவை காலியாக அரை நிமிடம் எடுத்தால், இது 12 நொடியில் காலி. நுனியைப் பார்த்தேன், துளை பெரிதாக இருந்தது. அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தீபாவளிக்கு முன்னாடி நுனி கொஞ்சம் உடைஞ்சுது தம்பி. கையைக் கீறுச்சு. எமரி பேப்பர்ல தேய்ச்சு வெச்சேன். புதுசு கேட்டா எங்க குடுக்கறாங்க?"

நுனி முனையில்தான் துளை மிகக் குறுகல், தேய்த்தால் அகலமாகிவிடும். வேகமாக இறங்கும் தண்ணீர் சுவரில் தடிமனான படலத்தை விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் படலம்தான் நம் 0.07 மில்லி. இன்னும் ரொம்ப நேரம் காத்திருந்தால் கொஞ்சம் வடியும், ஆனால் பதினைந்து எண்ணுகிற பழக்கத்துக்கு அது அகப்படாது.

தலைமைக் கெமிஸ்டிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு பெருக்கலையும் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். 1.0054 எங்கிருந்து வந்தது என்று கேட்டார், புத்தகத்தைத் திறந்து காட்டினேன். மெமோ மேஜை டிராயருக்குள் போனது, திரும்பி வரவில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை; அந்தக் காலத்தில் அப்படி வழக்கமும் இல்லை. சரக்கு அனுப்பியவர்களுக்குப் பழைய கணக்குகளைத் திருத்திக் கொடுத்தோம். அது எனக்குக் கல்லூரியில் சொல்லித் தராத வேலை.

புதுப் பிப்பெட்டுக்கு இண்டெண்ட் போட்டோம். வர நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை பழையதன் குமிழ்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, மெழுகு தடவி, 24.92 என்று எழுதி வைத்தேன். அண்ணன் ஒவ்வொரு டேங்கருக்கும் 25-க்குப் பதில் 24.92 போட்டே கணக்கு எழுதினார். புதியது வந்த முதல் வாரமும் பழக்கத்தில் 24.92 போட்டு எழுதிவிட்டு, இரவு ஷிஃப்டில் என்னைத் தேடி வந்து, "தம்பி, இப்ப எனக்கு அதிகமா வருது" என்றார்.